சந்தைக்குப் புயல் கூண்டு ஏறாது

கேள்வி: ஐயா, நான் பாம்பனில் கருவாடு மொத்த வியாபாரம் செய்கிறேன். வீட்டுக்காரருக்கு ஒரு விசைப்படகில் பங்கு உண்டு. மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நிஃப்டி பங்குக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் 3 லட்சம் போட்டிருந்தேன். 2020 மார்ச் 23 அன்று சந்தை விழுந்ததும் பயந்து எல்லாவற்றையும் எடுத்தேன், 2 லட்சத்து 40 ஆயிரம் கிடைத்தது. நவம்பரில் சந்தை பழைய நிலைக்கு வந்ததும் அதே பணத்தை மறுபடி போட்டேன். 2024 தேர்தல் முடிவு வந்த ஜூன் 4 அன்று மறுபடி எடுத்துவிட்டேன். அது 4 லட்சத்து 20 ஆயிரம். வியாபாரச் சேமிப்போடு சேர்த்து இப்போது 6 லட்சம் வங்கியில் சும்மா கிடக்கிறது. நன்றாக இறங்கட்டும், போடலாம் என்று இருக்கிறேன். சிறந்த பத்து நாளைத் தவறவிட்டால் பாதி லாபம் போய்விடும் என்கிறார்கள். எப்போது உள்ளே வரணும், எப்போது வெளியே போகணும் என்று சொல்லும் டெலிகிராம் சேனல் ஒன்று வருடத்துக்கு 12,000 ரூபாய் கேட்கிறது. கூண்டு ஏற்றினால் நாங்கள் படகை எடுக்க மாட்டோம், கடலுக்குப் போக டோக்கனும் கிடைக்காது. காற்று அடங்கியதும் போவோம். பணத்தையும் அப்படிப் பார்த்துக்கொள்வதில் என்ன தப்பு?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இறங்கும்போது ஒதுங்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டில் அந்தப் புத்தி இல்லாவிட்டால்தான் ஆபத்து. ஆனால் கூண்டும் சந்தையும் ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகின்றன. வங்கக் கடலில் உருவாகும் புயல், பாம்பனில் கூண்டு ஏறியதைப் பார்த்துத் திசை மாறுவதில்லை. அதனால் எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் நடுவில் உங்களுக்கு நேரம் கிடைக்கிறது. சந்தையில் அந்த இடைவெளியே கிடையாது. கெட்ட செய்தி வரப்போகிறது என்று பெரும்பாலோர் நம்பிய கணமே விற்கத் தொடங்குகிறார்கள், விலை அப்போதே இறங்கிவிடுகிறது. நீங்கள் செய்தியைக் கேட்கும்போது அது ஏற்கெனவே விலைக்குள் போயிருக்கும். காற்று அடங்குவதும் இப்படித்தான். எல்லாருக்கும் நிம்மதி வரும் நாளில் விலை ஏறி முடிந்திருக்கும்.

அந்தப் பத்து நாள் கணக்கு

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை வைத்து ஜே.பி. மார்கன் நிறுவனம் இந்தக் கணக்கை வெளியிட்டிருக்கிறது. 2003 தொடக்கம் முதல் 2022 இறுதி வரை 20 வருடம் அசையாமல் இருந்த 10,000 டாலர் 64,844 டாலர் ஆனது; வருடத்துக்கு 9.8 சதவீதம். மிகச் சிறந்த பத்து நாள் மட்டும் வெளியே இருந்திருந்தால் 29,708 டாலர்தான், வருடத்துக்கு 5.6 சதவீதம். இருபது வருடத்தில் சந்தை திறந்திருப்பது ஏறக்குறைய 5,000 நாள். அதில் பத்து நாள் இவ்வளவு செய்யுமா என்று தோன்றும். பெருக்கிப் பார்த்தால் விளங்கும். அந்த நாட்கள் ஒவ்வொன்றும் சராசரியாக 8 சதவீதம் ஏற்றம் என்று வையுங்கள். 1.08ஐப் பத்து முறை பெருக்கினால் 2.16 வரும். அந்தப் பத்தையும் விட்டவருடைய கடைசித் தொகை பாதிக்கும் கீழே போவது இதனால்தான்.

ஆனால் இந்தக் கணக்கை ஒரு பக்கமாகவே சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், அது சரியில்லை. சிறந்த பத்து நாளை மட்டும் குறிபார்த்துத் தவறவிடுகிற மனிதர் எவரும் இல்லை. வெளியே இருப்பவர் மோசமான நாட்களையும் சேர்த்தே தவறவிடுகிறார். 8 சதவீதம் இறங்கும் பத்து நாளில் வெளியே இருந்தால், கடைசித் தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். இரண்டு வகையையும் ஒன்றாகத் தவறவிட்டால் கடைசித் தொகை கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வரும். எனவே ‘பத்து நாள் போனால் பாதிப் பணம் போச்சு’ என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பத்து நாட்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன?

மோசமான நாட்களின் பக்கத்து வீட்டில். அதே அமெரிக்கக் கணக்கில் சிறந்த பத்து நாட்களில் ஏழு, மிக மோசமான பத்து நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வந்தவை. காரணம் எளிது. பீதி பரவிய நேரத்தில் யாருக்கும் சரியான விலை தெரியாது. கடனுக்குப் பங்கு வாங்கியவர்களை விற்கச் சொல்லி நெருக்குவார்கள், வாங்க ஆள் இருக்க மாட்டார்கள், விலை அளவுக்கு மேல் சரியும். ஒரு நல்ல அறிவிப்பு வந்தால் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் தாவும். பெரிய இறக்கமும் பெரிய ஏற்றமும் ஒரே பதற்றத்திலிருந்து வருபவை. இறக்கத்தைக் கண்டு வெளியேறுகிறவர் ஏற்றத்தின் வாசலில் வெளியேறுகிறார்.

உங்கள் 2020

நீங்கள் விற்ற மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து 7,610இல் முடிந்தது. அதற்கு முந்தைய வேலைநாளான மார்ச் 20 அன்று 5.8 சதவீதம் ஏறியிருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்காது. மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். அதைக் கேட்ட எவரும் மறுநாள் சந்தை நொறுங்கும் என்றுதான் நினைத்திருப்பார். மார்ச் 25 அன்று நிஃப்டி 6.6 சதவீதம் ஏறியது. ஏப்ரல் 7 அன்று இன்னும் 8.8 சதவீதம். தொற்று பரவிக்கொண்டிருந்தது, படகுகள் கரையில் நின்றன, செய்தி எதுவும் நல்லதாக இல்லை. அப்போதுதான் அந்த நாட்கள் வந்தன.

நவம்பர் 9 அன்று நிஃப்டி 12,461இல் முடிந்தது. ஜனவரியில் இருந்த பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ‘சரியாகிவிட்டது’ என்று உங்களுக்கு நம்பிக்கை வந்தது அந்தச் சமயம்தான். இதை ரூபாயில் பார்க்காமல் யூனிட்டில், அதாவது ஃபண்டில் உங்களுக்கு இருந்த பங்கின் எண்ணிக்கையில் பாருங்கள். மார்ச்சில் 100 யூனிட் விற்றீர்கள் என்றால், அதே பணத்துக்கு நவம்பரில் 61 யூனிட்தான் வாங்க முடிந்தது. 39 யூனிட் போனது போனதுதான். அதன் பிறகு சந்தை எவ்வளவு ஏறினாலும் உங்கள் கையில் இருந்தது 61தான்.

அந்த 61 யூனிட் 2024 ஜூன் 4 அன்று 4 லட்சத்து 20 ஆயிரம் ஆனது. தொகை வளர்ந்திருந்ததால் நட்டம் உங்கள் கண்ணில் படவில்லை. 2020இல் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால் அதே நாளில் ஏறக்குறைய 6 லட்சத்து 90 ஆயிரம் இருந்திருக்கும். குறியீட்டை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது. ஃபண்டின் செலவையும் டிவிடெண்டையும் சேர்த்தால் சற்று மாறும், விகிதம் மாறாது. இடையில் வங்கியில் கிடந்த ஏழெட்டு மாதத்துக்கு 3 சதவீத வட்டி என்றால் நாலைந்தாயிரம்தான் வந்திருக்கும்.

இதைச் சொல்வது உங்களைக் குறைசொல்ல அல்ல. மார்ச் 23 அன்று அந்தத் திரையைப் பார்த்துக் கை நடுங்காதவர் குறைவு. விற்றது ஒரு முடிவு, மறுபடி நுழைவது இன்னொரு முடிவு, இரண்டும் சரியாக விழுந்தால்தான் லாபம் என்பதை விற்கும் நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. ஒவ்வொரு முடிவிலும் பத்துக்கு ஆறு முறை சரியாக இருக்கும் கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து சரியாக அமைவது நூற்றுக்கு 36 முறைதான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷார்ப் 1975இல் கணக்கிட்டுச் சொன்னது, வருடத்துக்கு வருடம் பங்குக்கும் ரொக்கத்துக்கும் மாறிக்கொண்டிருப்பவர் நாலுக்கு மூன்று முறை சரியாகக் கணித்தால்தான் சும்மா இருந்தவரை முந்த முடியும் என்பது.

2024 ஜூனும் ‘இறங்கட்டும்’ என்ற காத்திருப்பும்

கருத்துக்கணிப்பைப் பார்த்து ஜூன் 3 அன்று நிஃப்டி 3.3 சதவீதம் ஏறியது. முடிவு வந்த ஜூன் 4 அன்று 5.9 சதவீதம் இறங்கி 21,884இல் நின்றது. ஜூன் 5 அன்று 3.4 சதவீதம் ஏறியது. ஜூன் 7 வெள்ளிக்கிழமை 23,290. அதாவது இறக்கத்துக்கு முன்பிருந்ததைவிட மேலே. மூன்றே வேலைநாள். அதற்குள் நீங்கள் விற்ற பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்திருந்தாலே பெரிது.

நீங்கள் காத்திருந்த இறக்கம் வராமல் போகவும் இல்லை. செப்டம்பரில் 26,200ஐத் தொட்ட நிஃப்டி, 2025 மார்ச் 4 அன்று 22,082க்கு வந்தது. ஏப்ரல் 7 அன்று 22,161. நீங்கள் விற்ற விலைக்குக் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் மேலே, அவ்வளவுதான். அப்போதும் நீங்கள் நுழையவில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ‘நன்றாக இறங்கட்டும்’ என்று காத்திருப்பவருக்கு இறங்கும்போது துணையாக வருவது பயம்தான். இன்னும் இறங்கும் என்ற செய்திதான் அன்று எல்லாத் திரையிலும் ஓடும். பிறகு மே 12 அன்று, இந்தியா-பாகிஸ்தான் போர் நிறுத்தம் அறிவித்த வார இறுதிக்கு அடுத்த திங்களன்று, ஒரே நாளில் 3.8 சதவீதம் ஏறியது. வெளியேற ஒரு காரணம் எளிதாகக் கிடைக்கும். திரும்பி வர எந்தத் தொகையில், எந்தத் தேதியில் என்று முன்கூட்டி எழுதிவைக்காதவர் பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஃபண்டில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு தடை

இதைச் சேனல்காரர்கள் சொல்வதில்லை. மியூச்சுவல் ஃபண்டை நீங்கள் நினைத்த நிமிட விலைக்கு வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. மதியம் 3 மணிக்குள் பணம் ஃபண்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அன்றைய முடிவு என்.ஏ.வி., அதாவது சந்தை முடிந்த பிறகு கணக்கிடும் யூனிட் விலை, கிடைக்கும். அதாவது சந்தை காலையில் 5 சதவீதம் ஏறியதைப் பார்த்து நீங்கள் பணம் போட்டால், ஏறி முடிந்த விலைக்குத்தான் யூனிட் வரும். அன்றைய ஏற்றம் உங்களுக்குச் சேர வேண்டுமானால் அதற்கு முந்தைய வேலைநாள் 3 மணிக்குள் நீங்கள் உள்ளே இருந்திருக்க வேண்டும். விற்ற பணம் கைக்கு வரவும் பொதுவாக இரண்டு மூன்று வேலைநாள் ஆகும்.

2009 மே 18ஐப் பாருங்கள். சனிக்கிழமை தேர்தல் முடிவு வந்தது. திங்கள் காலை சந்தை திறந்த உடனே, ஏற்றத்துக்கு விதித்திருந்த மேல் வரம்பை முட்டி நின்றது. மறுபடி திறந்ததும் மறுபடி முட்டி, அந்த நாளின் வியாபாரமே நின்றுபோனது. நிஃப்டி ஏற்றம் 17.7 சதவீதம். வாங்க நினைத்தவர்களுக்கு வாங்கும் நேரமே கிடைக்கவில்லை. அந்த நாள் வெள்ளிக்கிழமையே உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் உரியது.

வரியையும் மறக்கக் கூடாது. 2024 ஜூலை 23 முதல் விற்கும் பங்கு ஃபண்டில், ஒரு வருடத்துக்கு உட்பட்ட லாபத்துக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5 சதவீதம். அடிக்கடி உள்ளே வெளியே போகிறவர் அதிக விகிதத்தில் கட்டுவார், கட்டிய வரிப் பணம் அடுத்த ஏற்றத்தில் அவருக்காக வளராது.

இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. எல்லாப் பணத்தையும் போட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2008 ஜனவரி உச்சத்தில் போட்ட பணம் அந்த மட்டத்தை உறுதியாகக் கடக்க 2013 கடைசி வரை ஆனது. ஏறக்குறைய ஆறு வருடம். அதற்கிடையில் படகு என்ஜினுக்கோ மருத்துவமனைக்கோ பணம் தேவைப்பட்டவர் நட்டத்தில்தான் விற்றிருப்பார். உங்கள் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. அதற்கு மருந்து நாள் பார்ப்பது அல்ல, எவ்வளவு போடுகிறோம் என்பதைச் சரியாக வைப்பது.

உங்கள் 6 லட்சத்தை இப்படிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், வலையும் என்ஜினும் பழுது பார்க்கும் செலவு அப்போதுதான் வரும். கருவாட்டு வரத்தும் குறையும். அதற்கும் எதிர்பாராத செலவுக்கும் 1.5 லட்சத்தைத் தனியாக வங்கியில் வையுங்கள். இதைச் சந்தை பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். 2020இல் நீங்கள் விற்றதற்கு, கைச்செலவுக்குப் பணம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயமும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

மீதி 4.5 லட்சம் மகளின் கல்லூரிக்கு. ஏறக்குறைய எட்டு வருடம் இருக்கிறது. இதில் 60 சதவீதம், அதாவது 2.7 லட்சம், இண்டெக்ஸ் ஃபண்டில், 1.8 லட்சம் எஃப்.டி.யில். இந்த விகிதம் உங்களுக்குப் பொருந்துமா என்று சோதிக்க ஒரு வழி: 2020இல் உச்சத்திலிருந்து நிஃப்டி 38 சதவீதம் இறங்கியது. அதே போல் வந்தால் 2.7 லட்சத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் திரையில் குறையும். அந்த ஒரு லட்சத்தை நினைத்துப் பாருங்கள். தூக்கம் போகும் என்றால் 60ஐ 40 ஆக்குங்கள். லாபம் குறைவாக இருக்கும், ஆனால் விற்காமல் இருப்பீர்கள். விற்றுவிடப்போகும் 60ஐவிடத் தாக்குப்பிடிக்கும் 40 மேலானது.

நுழையும்போது, ஒரே தடவையாகப் போடுவதே அதிக முறை நல்ல பலன் தந்திருக்கிறது. சந்தை இறங்கும் காலத்தைவிட ஏறும் காலம் அதிகம் என்பதால். ஆனால் இரண்டு முறை அடிபட்டவருக்கு அது கடினம். மாதம் 45,000 வீதம் ஆறு மாதம், ஒவ்வொரு 5ஆம் தேதியும் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். நடுவில் சந்தை இறங்கினாலும் ஏறினாலும் தேதியை மாற்ற வேண்டாம்.

வருடத்துக்கு ஒரு நாள்

தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் ஜூன் 15ஐ ஒட்டி, வருடத்துக்கு ஒரே ஒரு தடவை விகிதத்தைப் பாருங்கள். 60 என்பது 55க்குக் கீழோ 65க்கு மேலோ போயிருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள். உதாரணமாகச் சந்தை 30 சதவீதம் இறங்கினால் ஃபண்டில் 1.89 லட்சம், எஃப்.டி.யில் 1.8 லட்சம் இருக்கும்; விகிதம் 51. எஃப்.டி.யிலிருந்து 32,000 எடுத்து ஃபண்டில் போட்டால் மறுபடி 60. மாறாக 40 சதவீதம் ஏறினால் ஃபண்ட் 3.78 லட்சம், விகிதம் 68 ஆகும். 43,000 எடுத்து எஃப்.டி.க்கு மாற்றுங்கள். அதில் லாபம் சுமார் 12,000தான். அந்த வருடம் பங்கு, ஃபண்ட் எதிலும் வேறு லாபம் எடுக்காமல், யூனிட் ஒரு வருடம் தாண்டியிருந்தால், வரி இல்லை. இறங்கும்போது வாங்க வேண்டும் என்று நீங்கள் விரும்பியது இந்த முறையில் நடக்கிறது. அடுத்து என்ன ஆகும் என்று யாரும் கணிக்க வேண்டியதில்லை. மகள் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் 60ஐ வருடத்துக்கு 20 வீதம் குறைத்து எஃப்.டி.க்குக் கொண்டுவாருங்கள். கட்டணம் கட்ட வேண்டிய வருடத்தில் அந்தப் பணம் சந்தையில் இருக்கக் கூடாது.

அந்தச் சேனல்

பணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகரின் பதிவெண் INA என்றும், ஆய்வாளரின் பதிவெண் INH என்றும் தொடங்கும். எண்ணைக் கேளுங்கள். கொடுத்தால் sebi.gov.in தளத்தில் உள்ள பதிவுப் பட்டியலில் பெயரும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. பதிவு உண்மையாகவே இருந்தாலும் உங்களுக்கு இது கட்டுப்படியாகாது. 2.7 லட்ச ரூபாய் முதலுக்கு 12,000 என்பது வருடத்துக்கு 4.4 சதவீதம். சிறந்த பத்து நாளை இருபது வருடம் தவறவிட்ட அந்த அமெரிக்க முதலீட்டாளர் இழந்தது வருடத்துக்கு 4.2 சதவீதம்தான். சேனல்காரர் பேச்சைக் கேட்டு ஒரு நல்ல நாளைக்கூட நீங்கள் தவறவிடாவிட்டாலும், அவருடைய சந்தாவே அந்த இழப்பை உங்களுக்கு முதல் வருடத்திலேயே கொண்டுவந்துவிடும்.